பெயர் தெரியாத தளத்தில் ஆறு புத்தகங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்மாவட்ட நகரம் ஒன்றில் போட்டித் தேர்வுக் கையேடுகள் வெளியிடும் சிறிய குடும்பப் பதிப்பகம். கணவர், மனைவி, கல்லூரி முடித்த மகன், இரண்டு ஊழியர்கள். அவர்களுடைய இணையதளத்தை ஏழெட்டு ஆண்டுகளாக நான்தான் பராமரித்து வருகிறேன். 2024 ஜூன் 9 அன்று டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு. அறிவிப்பு ஜனவரி இறுதியிலேயே வந்துவிட்டதால், பிப்ரவரி முதல் மே வரை விற்கும் விற்பனைதான் அவர்களுடைய அந்த ஆண்டுச் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு.

மார்ச் 11, திங்கட்கிழமை. பக்கத்து ஊர்ப் புத்தகக் கடைக்காரர் பதிப்பாளருக்குப் போன் செய்தார். புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்த ஒரு மாணவர், "இது பிடிஎஃப்பா கிடைக்குதே அண்ணே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டுப் போனாராம். கடைக்காரர் அனுப்பிய இணைப்பைத் திறந்தால், நூற்றுக்கணக்கான கையேடுகளை அடுக்கி வைத்த தளம். அதில் ஆறு இவர்களுடையவை.

அன்று இரவு பதிப்பாளர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, இது யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க." அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு மூன்று நாள் ஓடியதுதான் இந்த நிகழ்வில் நாங்கள் செய்த முதல் பிழை.

கண்டது

முதலில் ஆதாரத்தைச் சேமித்தேன். ஆறு பக்கங்களையும் முகவரிப் பட்டையும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். இணைய ஆவணக் காப்பகமான `web.archive.org`-லும் ஒவ்வொரு பக்கத்தையும் பதிய வைத்தேன். ஒரு பிடிஎஃப்பைப் பதிவிறக்கிப் பார்த்தபோது, அது அவர்கள் அச்சுக்குக் கொடுத்த கோப்பு இல்லை, அச்சான புத்தகத்தை ஸ்கேன் செய்தது என்று தெரிந்தது. உள்ளட்டையில் ஏதோ வாசகசாலையின் வட்ட முத்திரை இருந்தது. அதை வெள்ளைக் கட்டம் போட்டு மறைத்திருந்தார்கள். ஓரத்தில் ஊதா மை மட்டும் பிறைபோல எட்டிப் பார்த்தது.

தளத்தில் 'எங்களைப் பற்றி' பக்கம் காலியாக இருந்தது. தொடர்புப் படிவத்தை நிரப்பி அனுப்பினால் பிழைச்செய்தி வந்தது. ஆகவே டொமைன் பதிவு விவரத்தைப் பார்த்தோம். வந்ததில் எங்களுக்குத் தேவையான வரிகள் இவை (பெயர்களை மாற்றியிருக்கிறேன்):

```
Creation Date: 2022-08-19T06:41:07Z
Registrant Name: Privacy Administrator
Registrant Organization: Example Privacy Service
Registrant Country: XX
Registrant Email: 7f3c91@privacy.example
Registrar Abuse Contact Email: abuse@registrar.example
```

நாட்டுக் குறியீட்டின் இடத்தில் ஓர் ஐரோப்பிய நாடு இருந்தது. "வெளிநாட்டுக் கும்பல் போல" என்றார் பதிப்பாளர். அவருடைய வக்கீல் அந்த நிறுவனத்தின் பெயருக்கே நோட்டீஸ் தயாரிக்கத் தொடங்கிவிட்டார், திருடியதே அந்த நிறுவனம் என்பதுபோல.

அந்த வரிகளை எப்படிப் படித்தோம்

பதிவு விவரத்தில் உரிமையாளர் பெயர் இல்லாமல் போவதற்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால்தான் குழப்பம் வருகிறது.

ஒன்று, மறைப்பு. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி, உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐகேன் கொண்டுவந்த விதியால் பெயர், தெரு முகவரி, தொலைபேசி எல்லாம் பொதுப் பார்வையிலிருந்து போய்விட்டன. அந்த இடங்களில் `REDACTED FOR PRIVACY` என்று இருக்கும். ஆனால் மாநிலமும் நாடும் பெரும்பாலும் அப்படியே தெரியும், அவை உண்மையான பதிவுதாரருடையவை. ரெஜிஸ்ட்ராரிடம், அதாவது டொமைனை விற்ற நிறுவனத்திடம், முழு விவரமும் இருக்கும். நமக்குக் காட்டாமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மற்றொன்று, பதிலிச் சேவை. 2018-க்கு முன்பிருந்தே இருப்பது. இங்கே எதுவும் மறைக்கப்படவில்லை. சேவை நிறுவனம் தன் பெயரிலேயே டொமைனைப் பதிந்து, வாடிக்கையாளருக்குப் பயன்படுத்தக் கொடுக்கிறது. பதிவேட்டின்படி உரிமையாளர் அந்த நிறுவனமேதான். நாங்கள் பார்த்த நாடு சேவை நிறுவனத்தின் அலுவலகம் இருக்கும் நாடு. தளத்தை நடத்துபவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதற்கு அதில் ஒரு துப்பும் இல்லை. அந்த ஒரே முகவரியில் கணக்கற்ற டொமைன்கள் பதிவாகியிருக்கும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. `.com` டொமைன்களின் மையப் பதிவேட்டில் பதிவுதாரர் விவரமே கிடையாது. எந்த ரெஜிஸ்ட்ரார், எந்த நேம்சர்வர், எப்போது பதிந்தது என்பது மட்டுமே அங்கே இருக்கும். ஆகவே முதலில் மையப் பதிவேட்டைக் கேட்டு, அது காட்டும் ரெஜிஸ்ட்ராரிடம் இரண்டாவது முறை கேட்க வேண்டும். இப்போது, பதிவு விவரம் கேட்பதற்கான புதிய முறையான ஆர்டாப் வழியாகக் கேட்பதானால் முதல் கேள்வி இப்படி இருக்கும்:

```
curl -s https://rdap.verisign.com/com/v1/domain/example.com
```

பதிலில் `related` என்று குறித்த இணைப்பு இரண்டாவது இடத்துக்குக் கொண்டுபோகும். பழைய ஹூஇஸ் சேவையைப் பொது டொமைன்களுக்குத் தொடர்ந்து நடத்தும் கட்டாயம் 2025 ஜனவரி 28-உடன் முடிந்தது. இனி கற்பவர்கள் ஆர்டாப்பிலேயே தொடங்கலாம். கட்டளை பழக்கமில்லாதவர்களுக்கு `lookup.icann.org` போதும்.

வக்கீலிடம் இதைச் சொன்னதும் நோட்டீஸை நிறுத்தினார். பதிப்பாளருக்கு மட்டும் கோபம் அடங்கவில்லை. "ஒளிஞ்சுக்கிறதுக்கு காசு வாங்கிட்டு இடம் குடுக்குறாங்களா?" என்றார். அவருடைய சொந்த டொமைனின் விவரத்தை அவர் முன்னாலேயே தேடிக் காட்டினேன். அதிலும் அவர் பெயர் வராது. முன்பு பதிவேட்டில் வீட்டு எண்ணே இருந்தது. லோகோ செய்து தருகிறோம், தளம் கட்டித் தருகிறோம் என்று நாள் முழுக்க அழைப்பு வந்ததால், தனியுரிமைச் சேவையைச் சேர்த்துக் கொடுத்தவன் நான்தான். அவர் மனைவிக்கு அது நன்றாக நினைவிருந்தது.

தவறாகச் சூட்டிய ஒரு பெயர்

மார்ச் 13 அன்று நடந்ததை நான் விரிவாகவே எழுத வேண்டும்.

மகனுக்குக் கணினி நன்றாகத் தெரியும். தளத்தின் ஐபி முகவரியை எடுத்து, அதே முகவரியில் வேறு எந்தத் தளங்கள் இயங்குகின்றன என்று ஒரு கருவியில் தேடியிருக்கிறார். நீளமான பட்டியல் வந்திருக்கிறது. அதில் தங்கள் ஊர்ப்பெயரைப் போட்டு வடிகட்டியதும் ஒரு டிடிபி மையத்தின் தளம் கிடைத்தது. அந்த மையத்தை நடத்துபவர், இரண்டு ஆண்டு முன்பு இவர்களிடம் தட்டச்சு வேலை செய்து, சம்பளப் பேச்சில் மனக்கசப்பாகி விலகியவர். மகன் என்னிடம் கேட்கவில்லை. நேராக அவருக்குப் போன் செய்து, "அண்ணே, நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்று தொடங்கி, போலீஸ் வரை பேசிவிட்டார்.

எனக்கு விஷயம் மறுநாள் காலையில்தான் தெரிந்தது. அந்த ஐபி முகவரி ஒரு பெரிய சிடிஎன் நிறுவனத்துடையது. வாசகருக்கும் உண்மையான சர்வருக்கும் நடுவில் நின்று பக்கங்களைக் கொடுக்கும் இடைநிலை அது. உலகெங்கும் உள்ள எண்ணற்ற தளங்கள் ஒரே முகவரியின் பின்னால் இருக்கும். யாருடையது அந்த முகவரி என்று அறிய, டொமைனைத் தேடுவதுபோல ஐபி-யையும் `whois`-இல் தேடினால் நிறுவனத்தின் பெயர் முதல் சில வரிகளிலேயே வந்துவிடும். அதை மகன் பார்க்கவில்லை. பதிப்பகத்தின் சொந்தத் தளமும் அதே சிடிஎன்-னில்தான் இருக்கிறது. அதன் முகவரியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் வாதத்தின்படி அவருடைய அப்பாவையும் சந்தேகப்பட வேண்டியிருந்தது.

முன்னாள் ஊழியரிடம் அவர்களுடைய அச்சுக்கோப்புகள் இருந்திருக்கும். வெளியானதோ வாசகசாலைப் புத்தகத்தின் ஸ்கேன். அந்த ஊதா முத்திரையைப் பார்த்திருந்தாலே போதும், அந்தப் போன் போயிருக்காது. பதிப்பாளர் அன்று மாலையே நேரில் போய் மன்னிப்புக் கேட்டார்.

எடுத்த முடிவும் காரணமும்

14-ஆம் தேதி எல்லோரும் உட்கார்ந்து கேள்வியை மாற்றினோம். தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. அதற்குள் என்ன நடந்தால் போதும்? கோப்புகள் இணையத்திலிருந்து இறங்கினால் போதும். ஆளின் பெயர் தெரிந்தாலும் கோப்பு தானாக இறங்காது. பெயர் தெரியாமலே கோப்பை இறக்க வழி உண்டு, ஏனென்றால் ஒரு தளம் ஒருவருடைய கையில் மட்டும் இருப்பதில்லை. டொமைன் ரெஜிஸ்ட்ராரிடம், பக்கங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்திடம், நடுவில் சிடிஎன். இவர்கள் எல்லோருக்கும் பெயரும் முகவரியும் உண்டு.

பதிவிறக்கப் பொத்தான்கள் எங்கே போகின்றன என்று அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தோம். ஆறில் நான்கு பிடிஎஃப்கள் அந்தத் தளத்தில் இல்லவே இல்லை. பொதுவான ஒரு கோப்புச் சேமிப்புச் சேவையில் இருந்தன, தளத்தில் இருந்தது இணைப்பு மட்டுமே. மூன்று நாள் டொமைனையே சுற்றிக்கொண்டிருந்தோம், திருட்டுப் பொருளில் பெரும்பகுதி வேறு கிடங்கில் இருந்திருக்கிறது.

நோட்டீஸ்கள்

சேமிப்புச் சேவை அமெரிக்க நிறுவனம். அங்கே டிஎம்சிஏ சட்டப்படி பதிப்புரிமை நோட்டீஸ் அனுப்பினால், அவர்கள் தாமதமின்றிக் கோப்பை எடுக்க வேண்டும், இல்லையேல் சட்டப் பாதுகாப்பை இழப்பார்கள். நோட்டீஸில் எந்தப் படைப்பு, எந்தெந்த முகவரியில் இருக்கிறது, நாம் யார், நல்லெண்ணத்தோடுதான் புகார் செய்கிறோம், உரிமையாளர் சார்பில் பேச நமக்கு அதிகாரம் உண்டு என்ற உறுதிமொழி, கையொப்பம் ஆகியவை வேண்டும். பொய் உறுதிமொழி தண்டனைக்குரியது. நான்கு கோப்புகளுக்கும் தனித்தனி முகவரியோடு அனுப்பினோம். இரண்டு நாளில் நான்கும் போய்விட்டன.

இந்த நோட்டீஸ் பெரும்பாலும் கோப்பை ஏற்றியவருக்கும் அனுப்பப்படும். அவர் மறைந்தே இருப்பார், நம் பெயரும் முகவரியும் அவர் கைக்குப் போகும். பதிப்பகத்தின் முகவரியும் வீட்டு முகவரியும் ஒன்றே என்பதால், வக்கீல் அலுவலக முகவரியைக் கொடுத்தோம்.

சிடிஎன்-னுக்கு அனுப்பிய முதல் புகார் திரும்பி வந்தது. அதில் நான் தளத்தின் முகப்பு முகவரியை மட்டும் கொடுத்து, 'இந்தத் தளம் முழுவதும்' என்று எழுதியிருந்தேன். மீதி இரண்டு பக்கங்களின் முழு முகவரியோடு மறுபடி அனுப்பியதும், புகாரை ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டதாகவும், அந்த நிறுவனம் இன்னது என்றும் பதில் வந்தது. சிடிஎன் பின்னால் இருக்கும் உண்மையான ஹோஸ்ட்டை அறிய எங்களுக்கு நேர்மையாகக் கிடைத்த வழி இதுதான். பதிப்புரிமைப் புகாரில் சிடிஎன் தானாக எதையும் எடுப்பது அரிது, கோப்பு அவர்களிடம் இல்லை.

ஹோஸ்ட் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்தது. அங்கே டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரி 17 முதல் எல்லா ஹோஸ்டிங் நிறுவனங்களுக்கும் பொருந்துகிறது. சட்டவிரோதமான உள்ளடக்கம் பற்றி யாரும் எளிதாகத் தெரிவிக்க அவர்கள் வழி வைத்திருக்க வேண்டும். மார்ச் 18 அன்று படிவத்தை நிரப்பினோம், 24-ஆம் தேதி இரண்டு கோப்புகளும் இல்லை.

ஏப்ரல் 2 அன்று மூன்று புத்தகங்கள் புதிய சேமிப்பு இணைப்புகளோடு திரும்பி வந்தன. அதே நோட்டீஸை மறுபடி அனுப்பினோம். கூகுளின் பதிப்புரிமைப் படிவத்தில் கொடுத்து அந்தப் பக்கங்களைத் தேடல் முடிவிலிருந்தும் நீக்க வைத்தோம். இறக்குவதும் ஏற்றுவதுமாக இது நீளும் என்று புரிந்தது. இப்போதுதான் ஆளை எட்டுவதற்கே காரணம் வந்தது.

திரைக்குப் பின்னால் இருப்பவருக்கு

ரெஜிஸ்ட்ராரின் முறைகேட்டுப் புகார் முகவரிக்கு எழுதியதற்கு, உள்ளடக்கம் பற்றிய புகாரில் தாங்கள் தலையிடுவதில்லை என்று பதில் வந்தது. அதில் தவறில்லை. 2024 ஏப்ரல் 5 முதல் ரெஜிஸ்ட்ரார்கள் கட்டாயம் நடவடிக்கை எடுக்க வேண்டியவை மால்வேர், பாட்நெட், ஃபிஷிங், ஃபார்மிங், இவற்றைப் பரப்பும் ஸ்பாம் ஆகியவை. பதிப்புரிமை அதில் இல்லை. போலி வங்கித் தளமாக இருந்திருந்தால் இந்தக் கதவைத்தான் முதலில் தட்டியிருக்க வேண்டும்.

பொதுவில் காட்டாத பதிவு விவரத்தைக் கேட்க ஐகேன் 2023 நவம்பரில் ஒரு கோரிக்கைச் சேவையைத் தொடங்கியிருந்தது. அதில் சேர்ந்துள்ள ரெஜிஸ்ட்ரார்களிடம் மட்டும் கேட்கலாம், கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் முடிவு. நம்பிக்கையோடு விண்ணப்பித்தோம். "பதிவுதாரர் விவரம் ஏற்கெனவே பொதுவில் உள்ளது" என்று பதில் வந்தது. படித்ததும் மகனுக்கு எரிச்சல். ஆனால் மேலே சொன்ன வேறுபாட்டை நினைத்தால் அந்தப் பதில் சரிதான். பதிவேட்டின்படி உரிமையாளர் பதிலி நிறுவனம், அதன் பெயர் வெளியில்தான் இருக்கிறது. இந்தச் சேவை மறைப்புக்கு உதவும், பதிலிக்குப் பெரும்பாலும் உதவாது.

மிஞ்சியது பதிலி நிறுவனம். `7f3c91@` என்று தொடங்கிய அந்த முகவரிக்கு எழுதுவது உண்மையான வாடிக்கையாளருக்குப் போய்ச் சேரும். மார்ச் 14 அன்றே அதற்கு எழுதியிருந்தோம், ஆனால் கோபத்தில் எழுதிய அரைப்பக்கம் அது. பதில் வரவில்லை.

ஏப்ரல் 10 அன்று வக்கீல் பதிலி நிறுவனத்துக்கே கடிதம் எழுதினார். ஐகேனுக்கும் ரெஜிஸ்ட்ரார்களுக்கும் உள்ள ஒப்பந்தத்தில் 3.7.7.3 என்று ஒரு விதி இருக்கிறது. டொமைனைப் பதிந்து வேறொருவருக்குப் பயன்படுத்தக் கொடுப்பவர், வழக்குத் தொடுக்கத்தக்க பாதிப்புக்கு நியாயமான ஆதாரம் காட்டும் தரப்புக்கு 7 நாளுக்குள் பயன்படுத்துபவரின் அடையாளத்தைச் சொல்லாவிட்டால், அந்தப் பாதிப்புக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும். நமக்கு நேரடியாக உரிமை கொடுக்கும் விதி இல்லை இது, ஒப்பந்தம் அவர்களுக்குள் இருப்பது. இருந்தாலும் பதிலி நிறுவனத்துக்கு அதில் ஆபத்து உண்டு. கடிதத்தோடு ஐஎஸ்பிஎன் பக்கம், அச்சக ரசீது, ஸ்கிரீன்ஷாட், இறக்கிய கோப்புகள் மறுபடி ஏற்றப்பட்ட தேதிகள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். மிரட்டல் சொல் ஒன்றுகூட இல்லை.

விளைவு

பதிலி நிறுவனம் பெயரைச் சொல்லவில்லை. கடிதத்தை வாடிக்கையாளருக்கு அனுப்பியிருப்பதாகவும், உரிய பதில் இல்லையென்றால் சேவையை நிறுத்துவது பற்றி யோசிப்பதாகவும் எழுதியது. சேவை நின்றால் பதிலியின் மறைவு அவருக்கு இருக்காது. ஏப்ரல் 17 அன்று பெயரில்லாத ஒரு மின்னஞ்சல் வந்தது, நல்ல தமிழில். கோப்புகளைத் தான் ஏற்றுவதில்லை, மாணவர்கள் அனுப்பும் இணைப்புகளைத் தொகுப்பதாகவும், ஆறு பக்கங்களையும் நீக்கிவிட்டதாகவும், இந்தப் பதிப்பகத்தின் பெயரில் இனி எதையும் சேர்ப்பதில்லை என்றும் எழுதியிருந்தார். தேர்வு முடியும்வரை வாரம் ஒருமுறை பார்த்தேன். சொன்னபடியே இருந்தது. ஏற்கெனவே டெலிகிராமில் பரவிய பிரதிகள் அங்கேயேதான் இருந்தன. சேனல்களைப் புகாரளித்ததில் சில போயின, பல போகவில்லை.

வழக்குப் போடலாமா என்ற பேச்சும் வந்தது. எதிராளி யாரென்று தெரியாமலே வழக்குத் தொடுக்கலாம். இந்திய நீதிமன்றங்களில் அப்படிப்பட்டவருக்கு 'அசோக் குமார்' என்று பெயர் வைப்பது வழக்கம். பெரிய சினிமாத் தயாரிப்பாளர்கள் படம் வெளியாகும் முன்பு வாங்குவது இந்த உத்தரவுதான். இங்கே கோப்புகள் இறங்கிவிட்டன, செலவோ அந்தப் பருவத்தின் இழப்பைவிட அதிகமாகும் என்று வக்கீலே சொன்னார். பதிப்பாளர் வேண்டாம் என்றார். அவர் முடிவு சரியென்றே நினைக்கிறேன். பணம் வாங்கி ஏமாற்றும் தளமாக இருந்திருந்தால், முதல் நாளே 1930 எண்ணிலும் `cybercrime.gov.in`-லும் புகார் கொடுக்கச் சொல்லியிருப்பேன். ரெஜிஸ்ட்ராரிடமும் பதிலியிடமும் விவரம் கேட்கும் அதிகாரம் காவல்துறைக்கு உண்டு, நமக்கு இல்லை.

மறுபடி செய்தால்

பதிவிறக்கப் பொத்தான் எங்கே போகிறது என்பதை டொமைனைத் தேடுவதற்கு முன்பே பார்ப்பேன். அதைச் செய்திருந்தால் நான்கு கோப்புகள் 14-ஆம் தேதியே இறங்கியிருக்கும்.

பதிலி முகவரிக்கு முதல் நாளே, உரிமைச் சான்றோடு, ஆறு முகவரிகளையும் குறிப்பிட்டு, அமைதியான கடிதம் எழுதுவேன். ஏப்ரல் 17 அன்று பதில் சொன்ன மனிதர் மார்ச் 14-இலும் அங்கேதான் இருந்தார். நாங்கள் எழுதிய அரைப்பக்கத்தில் எந்தப் புத்தகம் என்றுகூடச் சொல்லவில்லை.

தேடல் முடிவுகளைத் தேதியிட்ட உரைக்கோப்பாக வைத்துக்கொள்வேன். இடையில் நேம்சர்வரோ ரெஜிஸ்ட்ராரோ மாறினால் அது ஒன்றுதான் சான்று. ஐபி முகவரியின் சொந்தக்காரர் யாரென்று பார்க்காமல், 'அதே முகவரியில் இருக்கும் தளங்கள்' என்ற பட்டியலை யார் கையிலும் கொடுக்க மாட்டேன்.

அடுத்த பதிப்புக்குத் தட்டச்சு வேலை செய்துதர முடியுமா என்று பதிப்பாளர் ஆகஸ்டில் அந்த டிடிபி மையத்துக்குப் போய்க் கேட்டார். அவர் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.